நான்கு மணி வெயிலும் ஆறு மணி வெக்கையும்

அலுவலகத்துக்கு ஏசி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஸ்கொயர் ஃபீட் சார்?" என்பதுதான். பதில் சொன்னதும் மனதுக்குள்ளேயே வகுத்துவிட்டு, "நூத்தம்பது அடிக்கு ஒரு டன் போட்டா சரியா இருக்கும்" என்பார். கண்ணாடி எந்தத் திசையில் இருக்கிறது, மேலே மொட்டை மாடியா இன்னொரு தளமா, பகலில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஓர் அறையைக் குளிர்விக்க எவ்வளவு திறன் வேண்டும் என்பதை முடிவு செய்பவை இந்தக் கேள்விகளே. பரப்பளவு அவற்றுக்குப் பிறகுதான் வரும்.

தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை 'ஹீட் லோடு' என்பார்கள். குளிரூட்டும் சுமை என்று தமிழில் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட மணியில் அறைக் காற்றுக்கு வந்து சேரும் வெப்பம் எவ்வளவோ, அந்த மணியில் ஏசி வெளியே தள்ள வேண்டியதும் அவ்வளவு. இந்தச் சுமை மணிக்கு மணி மாறும் என்பதால் கணக்கையும் மணிவாரியாகத்தான் போட வேண்டும். ஒரு சிறிய அலுவலகத் தளத்தை எடுத்துக்கொண்டு அதைப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம், அதன் நடுத்தளம். நீளம் 15 மீட்டர், அகலம் 10 மீட்டர், உயரம் 3.2 மீட்டர். பரப்பு 150 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,600 சதுர அடி. மேலும் கீழும் உள்ள தளங்களிலும் ஏசி ஓடுவதால் கூரை வழியாகவும் தரை வழியாகவும் வெப்பம் வராது என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்துக் கட்டடங்கள் ஒட்டி நிற்பதால் அந்தச் சுவர்களில் வெயில் படாது. கிழக்கே மாடிப்படியும் லிஃப்டும். மேற்கே சாலை. சாலையைப் பார்த்த சுவரில் 10 மீட்டர் நீளத்துக்கு 1.6 மீட்டர் உயரக் கண்ணாடி, மொத்தம் 16 சதுர மீட்டர். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணத் தெளிந்த கண்ணாடி. வேலை செய்பவர்கள் 20 பேர். வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை.

மே மாதத்தில் மேகமில்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே 38 டிகிரி. உள்ளே 24 டிகிரி இருக்க வேண்டும்.

முதலில் வெயில். பெரும்பாலானவர்கள் தவறாக எடைபோடும் இடம் இது. வெயிலின் உச்சம் நண்பகல் என்ற எண்ணம் மொட்டை மாடிக்குச் சரி, செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக்குச் சரியில்லை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது தலைக்குச் சற்று வடக்கே நகர்ந்திருக்கும். அப்படி உச்சியில் நிற்கும் சூரியனின் நேர்க்கதிர் மேற்குக் கண்ணாடிக்குள் நுழைவதில்லை. வானத்தின் பொது வெளிச்சமும் சாலையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் மட்டும் வரும். மே மாதத்துத் தெளிந்த நாளில் நண்பகலில் மேற்குக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 170 வாட் அளவுக்குத்தான் விழும் என்று கணக்கு காட்டுகிறது.

பிறகு சூரியன் இறங்க ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு 370 வாட், இரண்டு மணிக்கு 530, மூன்றுக்கு 640. நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்கிறது. அப்போது சதுர மீட்டருக்கு 650 வாட். ஐந்து மணிக்கு 510 ஆகவும் ஆறு மணிக்கு 150 ஆகவும் சரிந்துவிடுகிறது.

விழுவது முழுவதும் உள்ளே வந்துவிடாது. கண்ணாடி எவ்வளவு பங்கை உள்ளே விடுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, சூரிய வெப்ப ஏற்பு எண். கண்ணாடி விற்பவர்கள் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'எஸ்எச்ஜிசி' என்பார்கள். நம் சாதாரணக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 0.8. விழும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளே வருகிறது என்று பொருள். ஆக நான்கு மணிக்கு 16 சதுர மீட்டர், 650 வாட், 0.8 மூன்றையும் பெருக்கினால் 8.3 கிலோவாட். அந்த நேரத்தில் கண்ணாடி வழியே அறைக்குள் கொட்டும் வெயில் அவ்வளவு. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் எட்டைச் சூடேற்றக்கூடிய ஆற்றல் இது.

ஏசி அப்போது 8.3 கிலோவாட்டை வெளியேற்ற வேண்டுமா? வேண்டாம். இந்தக் கணக்கின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது.

கண்ணாடி வழியாக வரும் வெயில் நேரடியாகக் காற்றைச் சூடாக்குவதில்லை. அது தரையில், மேசையில், நாற்காலியில், எதிர்ச் சுவரில் போய் விழுகிறது. அவை சூடாகி, பிறகு மெல்ல மெல்லக் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கின்றன. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுட்டுக்கொண்டிருப்பதைப் போலத்தான் டைல்ஸ் தரையும் கான்கிரீட்டும். காற்றுக்கு வந்து சேர்ந்த வெப்பத்தை மட்டும்தான் ஏசி உணரும். எனவே 'உள்ளே நுழைந்த வெப்பம்', 'ஏசியின் சுமை' என்று இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் வேண்டும். முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதைத் தருவிக்கும் முறையே இந்தத் துறையின் முக்கியமான வேலை.

அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியாளர்கள் சங்கமான 'ஆஷ்ரே' 2001ஆம் ஆண்டுக் கையேட்டில் இதற்கு ஒரு வழியைச் சேர்த்தது. கதிர்வீச்சு நேரத் தொடர் முறை என்று அதைச் சொல்லலாம். ஒரு மணியில் உள்ளே வந்த கதிர் வெப்பத்தில் எத்தனை சதவீதம் அதே மணியில் காற்றை அடையும், எத்தனை சதவீதம் அடுத்த மணியில், அதற்கடுத்த மணியில் என்று 24 மணிநேரத்துக்கும் பங்கு பிரித்துத் தருவது அதன் சாரம். கனமான கட்டடத்தில் பங்குகள் நீண்டு பரவும். மரத்தடுப்பும் தரைவிரிப்புமாக உள்ள இலேசான கட்டடத்தில் முதல் ஒன்றிரண்டு மணிகளிலேயே பெரும்பகுதி வந்துவிடும். நம் டைல்ஸ் தரை அலுவலகத்துக்கு, முதல் மணியில் 40 சதவீதம், அடுத்த மணியில் 16, பிறகு 10, 7, 5 என்று தேய்ந்து, மீதி மறுநாள் வரை சொட்டுச் சொட்டாக வருவதாக எடுத்துக்கொண்டேன். கட்டடத்துக்குக் கட்டடம் இந்த எண்கள் மாறும். இரண்டு பட்டியல்களும் ஒன்றாகாது என்பது மட்டும் மாறாது.

இப்போது நான்கு மணிக் கணக்கைப் போடலாம். அந்த மணியில் நுழைந்த 8.3 கிலோவாட்டில் 40 சதவீதம் 3.3. மூன்று மணிக்கு நுழைந்த 8.2இல் 16 சதவீதம் 1.3. இரண்டு மணியின் 6.8இல் பத்து சதவீதம் 0.7. இப்படி நேற்றைய மாலை வரை பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 6.0 கிலோவாட் வருகிறது. நுழைந்தது 8.3, ஏசிக்குச் சுமையாவது 6.0. மீதி வெப்பம் எங்கும் ஓடிவிடவில்லை, தரையிலும் சுவரிலும் காத்திருக்கிறது. ஆறு மணிக்கு வெயில் 1.9 கிலோவாட்டாகச் சரிந்துவிட்டாலும் சுமை 3.9 கிலோவாட் இருக்கிறது. ஏழு மணிக்கு வெயிலே இல்லை, அப்போதும் 2.5. மேற்குப் பார்த்த அறையில் சூரியன் மறைந்த பிறகும் வெக்கை அடங்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது உள்ளே பிறக்கும் வெப்பம். ஆட்கள், கணினிகள், விளக்குகள். மேசை வேலை பார்க்கும் ஒருவர் ஏறத்தாழ 130 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார் என்பது ஆஷ்ரே கையேட்டின் கணக்கு. அதில் 75 வாட் உடலிலிருந்து சூடாக வெளிவருவது. மீதி 55 வாட் மூச்சிலும் வியர்வையிலும் ஈரமாக வெளிவருவது. இந்த ஈரத்தையும் ஏசியின் குளிர்ச்சுருள்தான் தண்ணீராக்கிக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். அதற்கும் திறன் செலவாகும்.

இங்கே மணிவாரி அட்டவணை தேவைப்படுகிறது. இருபது பேர் வேலை செய்யும் இடம் என்பதால் எல்லா மணிக்கும் இருபது என்று போட்டுவிடக் கூடாது. நம் அலுவலகத்தில் ஒன்பது மணிவாக்கில் பாதிப் பேர் வந்திருப்பார்கள். பத்திலிருந்து 95 சதவீதம், அதாவது 19 பேர். யாராவது ஒருவர் விடுப்பிலோ வெளி வேலையிலோ இருப்பது வழக்கம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் பாதி. மீண்டும் இரண்டரை முதல் 95 சதவீதம். ஐந்து மணிக்கு 80, ஆறு மணிக்கு 50. வருகைப் பதிவு இயந்திரம் உள்ள அலுவலகத்தில் இதை ஊகிக்கவே வேண்டாம். ஒரு மாதப் பதிவை எடுத்து மணிவாரியாக எண்ணிவிடலாம்.

கணினியில்தான் பெரிய தவறு நடக்கும். அதன் மின்வழங்கிப் பெட்டியின் மேல் 250 வாட், 400 வாட் என்று ஒட்டியிருக்கும். அது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. கணக்கு எழுதும், கடிதம் அடிக்கும் ஒரு மேசைக் கணினி திரையோடு சேர்ந்து உண்மையில் இழுப்பது 80 வாட் அளவில் இருக்கும். இருபது கணினிகளுக்கு 5 கிலோவாட் என்று போடுவதற்கும் 1.6 என்று போடுவதற்கும் இடையே ஒரு டன் ஏசியே நிற்கிறது. சந்தேகமிருந்தால் பிளக்கில் மாட்டும் ஒரு வாட் மீட்டரை வாங்கி இரண்டு நாள் அளந்து பார்க்கலாம். ஏசிக்குத் தனி லைன் இருந்தால் இன்னும் எளிது. மற்ற லைனின் மீட்டரை ஒவ்வொரு மணிக்கும் குறித்துவந்தால் விளக்கும் கணினியும் எழுப்பும் வெப்பம் நேராகவே கிடைத்துவிடும், ஏனென்றால் அவை இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. இரவும் பகலும் ஓடும் யூபிஎஸ், ரூட்டர், சிறிய சர்வர் ஆகியவற்றுக்கு எல்லா மணியிலும் 0.4 கிலோவாட் சேர்க்கிறோம். எல்இடி விளக்குகளுக்கு 1.2 கிலோவாட். சென்னையில் மதிய வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்வதுதான் நடைமுறை. ஆகவே விளக்குக்கு எந்த மணியிலும் சலுகை கொடுக்கவில்லை.

ஆட்களும் விளக்கும் தரும் வெப்பத்திலும் ஒரு பகுதி கதிராகப் போய்ப் பொருள்களில் தங்கி, பிறகுதான் காற்றுக்கு வரும். கணினி மின்விசிறியால் தன் வெப்பத்தைப் பெரும்பாலும் நேராகக் காற்றிலேயே ஊதிவிடுகிறது. எனவே அதற்குத் தாமதம் குறைவு.

மூன்றாவது, வெளிக்காற்று. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. பல சிறிய அலுவலகங்களில் இதற்கென்று எந்த ஏற்பாடும் கிடையாது. மூன்று மணிக்கு எல்லோரும் கொட்டாவி விடுவதற்குச் சாப்பாட்டை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆஷ்ரேயின் காற்றோட்ட விதிப்படி ஒருவருக்கு வினாடிக்கு 2.5 லிட்டர், தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நம் தளத்துக்கு இது வினாடிக்கு 95 லிட்டர். அந்தக் காற்றின் சூட்டைத் தணிக்க நான்கு மணிக்கு 1.5 கிலோவாட்டும், அதன் ஈரத்தைப் பிழிந்தெடுக்க 2.0 கிலோவாட்டும் ஆகின்றன. சூட்டைவிட ஈரத்துக்குச் செலவு அதிகம் என்பதைக் கவனியுங்கள். கடற்கரை நகரத்தில் ஏசியின் சுமையில் பாதியை வெப்பமானி காட்டாது என்று சொல்லத் தோன்றும், ஆனால் இங்கே அது வெளிக்காற்றுக்கு மட்டும் பொருந்தும்.

கடைசியாகச் சுவரும் கண்ணாடியும் வெளிச் சூட்டை உள்ளே கடத்தும் அளவு. வடக்கு, தெற்குச் சுவர்கள் வெயில் படாமலேயே பகல் முழுவதும் ஏறத்தாழ 1.7 கிலோவாட்டை மெதுவாக உள்ளே விடுகின்றன. கண்ணாடி வழியே 1.2, மேற்குச் சுவர் வழியே 0.4. இதில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. செங்கல் சுவர் மாலை வெயிலை வாங்கிக்கொண்டு இரவில்தான் உள்ளே தரும். அப்போது அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் மணிவாரியாகக் கூட்டினால் நான்கு மணி உச்சமாக நிற்கிறது. மூன்று மணியும் ஐந்து மணியும் அதற்குச் சற்றுத்தான் குறைவு. மூன்று வேளைகளை மட்டும் எடுத்துக் கிலோவாட்டில் தருகிறேன்.

| சுமை | காலை 11 | மாலை 4 | மாலை 6 |
|---|---|---|---|
| மேற்குக் கண்ணாடி வழியே வெயில் | 1.7 | 6.0 | 3.9 |
| சுவர், கண்ணாடி கடத்துவது | 3.1 | 3.3 | 3.2 |
| ஆட்கள் | 2.3 | 2.4 | 1.5 |
| கணினி, விளக்கு | 2.7 | 2.9 | 2.4 |
| வெளிக்காற்று | 3.3 | 3.5 | 4.0 |
| மொத்தம் | 13.1 | 18.1 | 15.0 |

குளிரூட்டலில் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட். அமெரிக்க டன் கணக்கில் ஒரு டன் பனிக்கட்டி 24 மணிநேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பத்திலிருந்து வந்த அளவு அது. அதன்படி காலையில் 3.7 டன், நான்கு மணிக்கு 5.1 டன், ஆறு மணிக்கு 4.3 டன்.

ஆறு மணி வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கணினிகள் பாதி அணைந்துவிட்டன. சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே 38 டிகிரியாக இருந்தது 34க்கு இறங்கியிருக்கிறது. அப்படியும் சுமை, முழு அலுவலகமும் வேலை செய்த பதினொரு மணியைவிட அதிகம். தரை பிடித்துவைத்த பிற்பகல் வெயில் ஒரு காரணம். இன்னொன்று கடற்காற்று. அது வெப்பத்தைக் குறைத்து ஈரத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் வெளிக்காற்றின் சுமை இறங்காமல் 4.0 ஆக ஏறியிருக்கிறது. "மணி ஆறாயிடுச்சே, ரெண்டு மெஷினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லும் மேலாளருக்கும் "இன்னும் புழுங்குதே சார்" என்று சொல்லும் ஊழியருக்கும் இடையே நடக்கும் தகராறில், மேற்குப் பக்க மேசைக்காரர் பேசுவதே உண்மை.

இப்போது வேறு இரண்டு வழிகளில் இதே தளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரரின் நூற்றைம்பது அடிச் சூத்திரப்படி கிட்டத்தட்ட 11 டன். இன்னொரு வழி, ஒவ்வொரு வகைக்கும் அதனதன் உச்சத்தை எடுத்துக் கூட்டுவது. வெயில் 8.3, கடத்தல் 3.5, இருபது பேருக்கு 2.6, ஒட்டியிருக்கும் சீட்டுப்படி கணினிகளும் எப்போதும் ஓடுபவையும் 5.4, விளக்கு 1.2, வெளிக்காற்றுக்குச் சூட்டின் உச்சமும் ஈரத்தின் உச்சமுமாக 4.5. கூட்டினால் 25.5. பாதுகாப்புக்காக மேலே இருபது சதவீதம் போட்டால் 30.6 கிலோவாட், 8.7 டன். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்க்கத் தவறில்லாததுபோலத் தெரியும். ஆனால் அவை எல்லாம் ஒரே மணியில் சேர்ந்து நிகழ்வதே இல்லை. நிகழாத ஒரு மணிக்காக இயந்திரம் வாங்குகிறோம்.

அதிகத் திறன் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். காசு வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். வேகம் மாற்ற முடியாத பழைய வகை கம்ப்ரசர், தேவைக்கு இரண்டு மடங்கு பெரியதாக இருந்தால் சில நிமிடங்களில் அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். குளிர்ச்சுருளில் படிந்த தண்ணீர் வடிகுழாய்க்குப் போகும் முன்பே விசிறி அதை மறுபடி அறைக்குள் ஊதிவிடும். வெப்பமானி 24 காட்டும், உடம்பு பிசுபிசுக்கும். உடனே ரிமோட்டை எடுத்து 20க்கு வைப்பார்கள். இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓரளவு சமாளிக்கும், அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. உங்கள் அலுவலகத்தில் இது நடக்கிறதா என்று அறிய ஒரு சோதனை செய்யலாம். பிற்பகல் நான்கு மணி உச்ச வெயிலில், வெளியே உள்ள கம்ப்ரசர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது என்று பாருங்கள். மே மாத மாலையில் அது ஓயாமல் ஓட வேண்டும். அப்போதே பாதி நேரம் நின்றால் இயந்திரம் பெரிது. கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மேசையில் வையுங்கள். 24 டிகிரியிலும் அது 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே, அல்லது எங்கோ கதவு திறந்தே கிடக்கிறது.

நம் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. நான் சொன்ன நேரப்பங்கு முறை, ஏசி நாள் முழுவதும் ஓடி அறை ஒரே வெப்பத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. நம் அலுவலகங்களில் ஏழு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் பூட்டிப்போகிறோம். தரையிலும் சுவரிலும் தங்கிய வெப்பம் இரவு முழுவதும் மூடிய அறைக்குள்ளேயே கிடந்து காலையில் மொத்தமாக வரவேற்கும். ஞாயிறு முழுவதும் பூட்டிக்கிடந்த அறையில் திங்கட்கிழமை காலை இது தெளிவாகத் தெரியும். இதற்காகப் பெரிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. காலையில் சுமை குறைவு, கைவசம் திறன் மிச்சம் இருக்கிறது. ஒன்பதரைக்கு முக்கால் மணிநேரம் முன்னதாக ஏசியைப் போட்டால் போதும்.

அடுத்து, கணக்கின் முடிவில் ஒரே ஒரு முறை பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். 18.1 கிலோவாட் 19.9 ஆகும். இரண்டு டன் இயந்திரங்கள் மூன்று போதும். வாங்கும்போது 'டன்' என்ற சொல்லை நம்பாமல் பெட்டியின் சீட்டில் கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை டன் என்று விற்பவற்றில் 5.27 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக உள்ளவை நிறைய. அந்த எண்ணும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. கம்ப்ரசர் பெட்டிகளை மேற்குப் பால்கனியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், ஒன்று ஊதும் சூட்டை மற்றொன்று உறிஞ்சி, நான்கு மணிக்கு 45 டிகிரிக் காற்றில் திணறும். உச்ச நேரத்தில்தான் திறன் குறையும்.

ஆனால் மூன்று இயந்திரங்களுக்கும் பணம் கட்டும் முன் அட்டவணையின் முதல் வரியை மறுபடி பார்க்க வேண்டும். 18.1இல் 6.0 மேற்குக் கண்ணாடி. மூன்றில் ஒரு பங்கு. ஆட்களைக் குறைக்க முடியாது, காற்றை நிறுத்தக் கூடாது, கணினி வேண்டும். கைவைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

நம் ஊரில் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு வைப்பது வழக்கம். தெற்கு ஜன்னலுக்கு அது அருமையான ஏற்பாடு. மேற்கில் அதற்கு வேலை குறைவு. நான்கு மணிக்கு 32 டிகிரி உயரத்தில் எதிரே நிற்கும் சூரியனை, 60 சென்டிமீட்டர் நீட்டிய பலகை 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் மறைக்கும். 160 சென்டிமீட்டர் கண்ணாடியில் கால்வாசி. ஐந்து மணிக்கு 20 சென்டிமீட்டர். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்கூசலைத் தடுக்கும், ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. இலேசான நிறத் திரை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். மீதியைத் தானே வாங்கிச் சூடாகி, தரையைப் போலத் தாமதிக்காமல் உடனே காற்றுக்குக் கொடுத்துவிடும்.

வேலை செய்வது கண்ணாடிக்கு வெளியே நிற்கும் மறைப்பு. நெருக்கமான லூவர் பலகைகள், வெளிப்பக்கம் இறக்கும் மூங்கில் தட்டி அல்லது துணித் திரை. அது முடியாத இடத்தில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி. இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகள், 2017 பதிப்பில், சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் வடக்கு தவிர்த்த திசைகளுக்கு ஏற்பு எண் 0.27க்கு மேல் போகக் கூடாது என்று வைத்தன. நம் தளத்தில் 0.8 இருந்த இடத்தில் 0.3 உள்ள கண்ணாடியைப் போட்டாலே வெயில் சுமை நான்கு மணிக்கு 6.0இலிருந்து 2.3க்கு இறங்கும். மொத்தம் 14.4 கிலோவாட், 4.1 டன். ஆறு மணிச் சுமை 12.6. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையிலிருந்த மலை ஒரு மேடாகிவிடும். மூன்று இரண்டு டன் இயந்திரங்கள் தேவைப்பட்ட இடத்தில் மூன்று ஒன்றரை டன் இயந்திரங்கள் ஏறக்குறைய போதும், பத்து சதவீதக் கூடுதலோடு சேர்த்து.

அடுத்த முறை ஏசிக்கு விலைப்பட்டியல் கேட்கும்போது, கடைக்காரரிடம் சதுர அடியைச் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். மணிவாரி ஹீட் லோடு அட்டவணையைக் கேளுங்கள். அதில் உச்ச மணி எது, அந்த மணியில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மேற்கே கண்ணாடி இருந்தால், அதே நாளில் வெளிமறைப்பு போடுபவரிடமும் ஒரு விலைப்பட்டியல் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.